பணம் இருக்கிறது, செக் திரும்பிவிட்டது

ஒரு நிறுவனத்தின் செக் திரும்பி வந்தால் வாங்கியவர் மனதில் முதலில் எழும் சந்தேகம் ஒன்றுதான்: "அவங்க கணக்குல பணம் இல்ல போல." நம் ஊர் வியாபாரத்தில் செக் ரிட்டர்ன் என்ற சொல்லுக்கு அவ்வளவு கெட்ட பெயர். ஆனால் கணக்கில் கோடி ரூபாய் இருந்தும், கையெழுத்து சரியாக இருந்தும், செக்கில் அடித்தல் திருத்தல் எதுவும் இல்லாமலும் ஒரு செக் திரும்பலாம். அந்தச் செக்கைப் பற்றி நிறுவனமே வங்கிக்கு முன்கூட்டி அனுப்பிய விவரமும், செக்கில் அச்சாகியிருக்கும் விவரமும் ஒத்துப்போகவில்லை என்றால் போதும். இந்த ஒப்பீட்டுக்குப் பெயர் பாசிட்டிவ் பே.

இதை முதலில் பயன்படுத்தத் தொடங்கியவர்கள் அமெரிக்க வங்கிகள். இந்தியாவில் இப்படி ஒரு முறை வரப்போவதாக ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்ட் 6 அன்று தன் நிதிக்கொள்கை அறிக்கையோடு சேர்த்து அறிவித்தது. செப்டம்பர் 25 அன்று சுற்றறிக்கை வந்தது. 2021 ஜனவரி 1 முதல் நடைமுறை. ஐம்பதாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குகளுக்கு வாடிக்கையாளர் விரும்பினால் இந்த வசதியைப் பயன்படுத்தலாம்; ஐந்து லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கிகள் இதைக் கட்டாயமாக்கிக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை சொன்னது. பல வங்கிகள் கட்டாயமாக்கிவிட்டன.

எதற்காக இது வந்தது என்பதற்கு அந்த இடைவெளியிலேயே ஓர் உதாரணம் கிடைத்தது. 2020 செப்டம்பர் தொடக்கத்தில் அயோத்தி ராமர் கோயில் அறக்கட்டளையின் வங்கிக் கணக்கிலிருந்து போலி செக்குகள் மூலம் ஆறு லட்சம் ரூபாயை யாரோ எடுத்துவிட்டார்கள். அதே எண்களுள்ள உண்மையான செக்குகள் அறக்கட்டளையின் கையிலேயே இருந்தன. மூன்றாவதாக 9.86 லட்சத்துக்கு ஒரு செக் வந்தபோது வங்கி அதிகாரி போன் செய்து கேட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது. பாசிட்டிவ் பே செய்வது இந்தப் போன் அழைப்பின் வேலையைத்தான். "இந்த எண்ணில், இந்தத் தேதியில், இவருக்கு, இவ்வளவு தொகைக்கு நீங்கள் செக் கொடுத்தீர்களா?" என்ற கேள்விக்கு, செக் வருவதற்கு முன்பே நிறுவனம் பதில் எழுதி வைத்துவிடுகிறது.

இப்படி எழுதி வைக்க வேண்டிய தேவை ஏன் வந்தது என்பதும் தெரிந்திருப்பது நல்லது. இப்போது கிளியரிங்கில் காகிதம் பயணம் செய்வதில்லை. சென்னையில் 2011 செப்டம்பரிலிருந்தே செக்கின் படம்தான் போகிறது. செக்கை டெபாசிட்டாகப் பெறும் வங்கி அதை ஸ்கேன் செய்து, படத்தையும் அடியிலுள்ள காந்த மை எண்களையும் அனுப்புகிறது. பணம் கொடுக்க வேண்டிய வங்கியின் அதிகாரி அந்தக் காகிதத்தைக் கையால் தொடுவதே இல்லை. காகிதத்தின் தடிமன், நீரோட்டக் குறி, மையின் தன்மை இவற்றையெல்லாம் திரையில் உணர முடியாது. கையெழுத்தையோ நன்றாக நகலெடுத்துவிட முடியும். அதனால் வங்கிக்கு ஒரு இரண்டாவது சாட்சி தேவைப்பட்டது. அந்தச் சாட்சியைத் தரும் பொறுப்பு செக் எழுதியவர் தலையில் விழுந்தது.

தனி ஆள் என்றால் ஒரு செக், ஒரு பதிவு. மொபைல் ஆப்பில் இரண்டு நிமிட வேலை. நிறுவனம் வாரத்துக்கு நூறு செக் போடும். அதனால் அது ஒரு கோப்பாக அனுப்புகிறது. ஒவ்வொரு வரியிலும் கணக்கு எண், செக் எண், தேதி, தொகை, பெறுபவர் பெயர். வங்கிக்கு வங்கி ஒன்றிரண்டு கூடுதல் கட்டங்கள் இருக்கலாம். இந்தக் கோப்புதான் வங்கிக்குச் சாட்சி. சாட்சி தவறாகச் சொன்னால், உண்மையான செக்கும் போலி செக்கைப் போலவே நடத்தப்படும்.

ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்து இதைப் பார்க்கலாம். கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் பாகங்கள் வார்க்கும் ஒரு ஃபவுண்டரி என்று வைத்துக்கொள்வோம். 2025 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு பார்ட்டிகளுக்குப் பட்டுவாடா. கணக்கு மென்பொருள் 004316 முதல் 004327 வரை செக் எண்களை வரிசையாக ஒதுக்குகிறது. உதவியாளர் மதியமே கோப்பை எடுத்து வங்கியின் இணையதளத்தில் ஏற்றிவிடுகிறார். மேலாளர் அங்கீகாரம் கொடுத்துவிடுகிறார். சாயங்காலம் அச்சடிக்க உட்காருகிறார்கள். முதல் இரண்டு செக்குகள் நன்றாக வருகின்றன. மூன்றாவது, 004318, பிரிண்டரில் சிக்கிக் கசங்கிவிடுகிறது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த தாளில் மூன்றாவது பார்ட்டியின் செக்கை மறுபடி அடிக்கிறார்கள். வேலை தொடர்கிறது. மணி ஏழாகிறது, எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம்.

நடந்தது என்னவென்றால், மூன்றாவது பார்ட்டியின் செக் 004319 எண்ணுள்ள தாளில் அச்சாகிவிட்டது. நான்காவது பார்ட்டியுடையது 004320-ல். இப்படி மேல்சட்டையில் ஒரு பொத்தான் தள்ளிப் போட்டதுபோல, கடைசி வரை ஒவ்வொன்றும் ஒன்று தள்ளிப் போயிற்று. மென்பொருளில் யாரும் இதை மாற்றவில்லை. வங்கியிடம் இருக்கும் கோப்பில் மூன்றாவது, நான்காவது வரிகள் இப்படி இருக்கின்றன:

```
004318,05-12-2025,642300.00
004319,05-12-2025,718450.00
```

மூன்றாவது பார்ட்டி கரி சப்ளை செய்பவர். அவர் திங்கட்கிழமை காலை தன் வங்கியில் செக்கைப் போடுகிறார். எண் 004319, தொகை 6,42,300. அமைப்பு 004319-ஐத் தேடுகிறது. கிடைக்கிறது. ஆனால் அங்கே பதிவாகியிருப்பது 7,18,450 ரூபாய், வேறொருவர் பெயர். எண் உண்மையானது, தொகையும் பெயரும் வேறு. தொகை திருத்தப்பட்ட செக் ஒன்று வந்தாலும் திரையில் இதே காட்சிதான் தெரியும். வங்கி வேறு என்ன செய்யும்? திருப்பி அனுப்பிவிடுகிறது.

சாயங்காலம் ஃபவுண்டரிக்குப் போன் வருகிறது. "ஏனுங்க சார், செக்கு ரிட்டன் வந்துருச்சுங்க. முன்னமே சொல்லியிருந்தா ரெண்டு நாள் கழிச்சுப் போட்டிருப்பனுங்களே." அக்கவுண்டன்ட் கணக்கைத் திறந்து பார்க்கிறார், நாற்பது லட்சம் இருக்கிறது. அவருக்கு வரும் கோபம் வங்கி மேல்.

இந்த ஒரு பிரிண்டர் சிக்கலின் மற்ற விளைவுகள் இன்னும் சுவையானவை. ஐந்தாவது பார்ட்டிக்குத் தர வேண்டியது 38,600 ரூபாய்தான். அவர் செக் 004321-ல் அச்சாகியிருந்தது. தொகை ஐம்பதாயிரத்துக்குக் கீழே என்பதால் இந்த ஒப்பீடே இல்லை. செக் சத்தமில்லாமல் பாஸாகிவிட்டது. பன்னிரண்டாவது பார்ட்டியின் 1,75,000 ரூபாய்க்கான செக் 004328 என்ற எண்ணில் போயிற்று. அந்த எண் கோப்பிலேயே இல்லை. இந்த வங்கியில் ஐந்து லட்சத்துக்குக் கீழ் பதிவு கட்டாயமில்லை என்பதால் அதுவும் பாஸ். ஆக, பதிவே இல்லாத செக்குக்குப் பணம் கிடைத்தது. தவறாகப் பதிவான செக் திரும்பியது. பார்ப்பதற்கு அநியாயமாகத் தோன்றும். ஆனால் தர்க்கம் சரிதான். ஒன்றுமே சொல்லாத வாடிக்கையாளரை வங்கி பழைய முறையில், கையெழுத்தைப் பார்த்து நம்புகிறது. இதுதான் என் செக் என்று குறிப்பாகச் சொன்னவரிடம், அதற்கு மாறான செக் வந்தால் நிறுத்துவதாக வாக்குக் கொடுத்திருக்கிறது.

இந்தக் கலவைதான் நோயைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறியும்கூட. ஒரே கட்டில் சில செக்குகள் பாஸாகி, சில திரும்பி, பாஸானவற்றின் எண்கள் புத்தகத்திலுள்ள எண்களிலிருந்து ஒன்று தள்ளி இருந்தால், வேறெதையும் தேட வேண்டாம். அந்தக் கட்டில் ஒரு தாள் வீணாகியிருக்கிறது. இன்னும் வெளியே இருக்கும் மற்ற செக்குகளும் ஒவ்வொன்றாகத் திரும்பப்போகின்றன.

இன்னொரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. கசங்கிய 004318 இப்போதும் வங்கியின் பதிவில் 6,42,300 ரூபாய்க்கு உயிரோடு இருக்கிறது. அந்தத் தாள் குப்பைக்கூடையில் முழுசாகக் கிடந்து, யார் கையிலாவது சிக்கினால், பாசிட்டிவ் பே அதை நல்ல செக் என்றே அடையாளம் காட்டும். வீணான செக்கின் மேல் குறுக்கே 'கேன்சல்' என்று எழுதி, எண் இருக்கும் பகுதியைக் கிழித்துக் கோப்பில் ஒட்டி வைப்பது பழைய கணக்குப்பிள்ளைகளின் வழக்கம். அதோடு வங்கியில் அந்த எண்ணுக்கு ஸ்டாப் பேமென்ட்டும் கொடுத்துவிட வேண்டும்.

எண் தள்ளிப்போவது ஒரு வகை. இன்னொரு வகையைப் பிறப்பிப்பது எக்செல். மென்பொருளிலிருந்து வந்த கோப்பை வங்கிக்கு ஏற்றுவதற்கு முன் "ஒரு தடவை பார்த்துடலாம்" என்று எக்செலில் திறந்து, சேமித்து மூடுவார்கள். அந்த ஒரு தடவையில் `004319` என்பது `4319` ஆகிவிடும். முன்னால் இருக்கும் சைபர்களுக்கு எண்கணிதத்தில் மதிப்பில்லை என்பது எக்செலின் கட்சி. பதினான்கு இலக்கக் கணக்கு எண் `5.02E+13` என்று சுருங்கிக் காட்சி தரும். அப்படியே சேமித்தால் பின்பாதி இலக்கங்கள் போய்விடும். சைபர் போனதை எத்தனையோ வங்கி இணையதளங்கள் தாமாகச் சரிசெய்துகொள்கின்றன அல்லது வரியை ஏற்காமல் திருப்பிவிடுகின்றன. கணக்கு எண் கெட்டாலும் வரி ஏறாது. இவை உடனே தெரிந்துவிடும் தவறுகள் என்பதால் அவ்வளவு ஆபத்தில்லை.

ஆபத்தானது தேதி. 05-12-2025 என்பதை நாம் டிசம்பர் 5 என்று படிக்கிறோம். அமெரிக்க முறையில் அமைக்கப்பட்ட கணினி அதை மே 12 என்று எடுத்துக்கொள்ளும். மே 12 தேதியிட்ட செக் டிசம்பரில் காலாவதி ஆகியிருக்கும். செக்கின் ஆயுள் 2012 ஏப்ரலிலிருந்து மூன்று மாதம்தான். ஆகவே சில வங்கிகளின் தளம் அந்த வரியை ஏற்றும்போதே தடுத்துவிடும். தடுக்காத தளத்தில் பதிவாகி, செக் வரும்போது தேதி முரண்படும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களில் போட்ட செக்குகள் மட்டும் திரும்புகின்றன, 13-க்குப் பிறகு போட்டவை நன்றாகப் பாஸாகின்றன என்றால், குற்றவாளி தேதி அமைப்புதான். பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் 13-க்கு மேல் கணினிக்குக் குழப்பம் வராது.

தொகை மாறுவதற்குப் பெரும்பாலும் கணினி காரணமில்லை, அலுவலகப் பழக்கமே காரணம். காலையில் கோப்பு போய்விட்டது. மதியம் கொள்முதல் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, "இந்தப் பார்ட்டி அனுப்பினதுல கொஞ்சம் ரிஜெக்ட் ஆச்சு, 8,400 பிடிச்சுக்கோங்க" என்கிறார். செக் புதிய தொகைக்கு அச்சாகிறது. கோப்பு பழைய தொகையிலேயே வங்கியில் இருக்கிறது. டிடிஎஸ் பிடிப்பதற்கு முந்தைய பில் தொகை கோப்பிலும், பிடித்த பிறகு உள்ள தொகை செக்கிலும் போவது இதே இனம். ஒரு ரூபாய் வித்தியாசமும் வித்தியாசம்தான்; பைசாவை முழுமையாக்கிவிட்டு "கிட்டத்தட்ட சரி" என்று சொல்ல இங்கே இடமில்லை.

பெயர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நெகிழ்வு இருக்கிறது. முருகன் டிரேடர்ஸ் என்பதும் ஸ்ரீ முருகன் டிரேடர்ஸ் என்பதும் ஒன்றுதான் என்று மனிதக் கண்ணுக்குத் தெரியும். செக்கின் படத்தைப் பார்க்கும் அதிகாரி அதை விட்டுவிடலாம், விடாமலும் போகலாம். நம் ஊரில் இனிஷியல் ஒருமுறை முன்னால் வரும், ஒருமுறை பின்னால் வரும். ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுவோம். நிறுவனத்தில் பார்ட்டியின் பெயர் ஒரே இடத்தில் பதிவாகி, செக்கும் கோப்பும் அந்த ஒரே இடத்திலிருந்து பெயரை எடுத்தால் இந்தப் பிரச்சினை வராது. செக்கைக் கையால் எழுதும் அலுவலகங்களில்தான் இது அதிகம்.

இவை எல்லாவற்றையும்விடச் சாதாரணமான காரணம் ஒன்று மீதி இருக்கிறது: கோப்பு வங்கிக்குப் போகவே இல்லை. நிறுவனக் கணக்குகளில் ஒருவர் ஏற்ற வேண்டும், இன்னொருவர் அங்கீகரிக்க வேண்டும். ஏற்றியவர் திரையில் "வெற்றிகரமாக ஏற்றப்பட்டது" என்று பார்த்துவிட்டுத் திருப்தியோடு எழுந்துவிடுகிறார். அங்கீகரிக்க வேண்டியவர் சென்னைக்குப் போயிருக்கிறார். கோப்பு அவருக்காக வரிசையில் காத்துக்கிடக்கிறது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட செக் இதற்குள் கிளியரிங்குக்குப் போய், பதிவு இல்லை என்று திரும்பிவிடுகிறது. அங்கீகாரம் முடிந்த பிறகும் சில வரிகள் மட்டும் தள்ளுபடியாகியிருக்கலாம். வங்கி தரும் பதில் கோப்பைத் திறந்து பார்த்தால் நூறில் தொண்ணூற்றேழு ஏற்கப்பட்டன, மூன்று ஏற்கப்படவில்லை என்று இருக்கும். அதைத் திறந்து பார்ப்பவர் அரிது.

அதனால் செக் திரும்பியதும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பதிவு இல்லாததால் திரும்பியதா, பதிவு இருந்தும் பொருந்தாததால் திரும்பியதா என்பதை. ரிட்டர்ன் மெமோவில் வங்கிக்கு வங்கி வாசகம் மாறும். சிலவற்றில் மொட்டையாக "மற்ற காரணங்கள்" என்று மட்டும் இருக்கும். அப்போது கிளைக்குப் போன் செய்து இந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். பதிவு இல்லை என்றால் அங்கீகாரத்தையும் பதில் கோப்பையும் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் எந்தக் கட்டம் என்று கேளுங்கள்: தேதியா, தொகையா, பெயரா. பிறகு மூன்றை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: பார்ட்டியிடம் வாங்கிய செக்கின் படம், வங்கிக்கு உண்மையில் போன கோப்பு, வங்கியின் பதில். மென்பொருளில் இப்போது தெரிவதைப் பார்த்துப் பயனில்லை; அது அன்றைக்கு அனுப்பியது அல்ல.

"அதே செக்கை நாளைக்கு மறுபடி போடுங்க" என்று பார்ட்டியிடம் சொல்வது பலருக்கும் வாயில் வரும் முதல் பதில். பணம் போதாமல் திரும்பிய செக்குக்கு அது பொருந்தும். இங்கே வங்கியில் உள்ள பதிவு மாறாத வரை அந்தச் செக் எத்தனை முறை போட்டாலும் அத்தனை முறையும் திரும்பும், ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் கட்டணம். பதிவே இல்லாமல் திரும்பிய செக் என்றால், இப்போது பதிவு செய்துவிட்டு, ஏற்கப்பட்டது என்று பதில் வந்த பிறகு அதே செக்கை மறுபடி போடலாம். தவறாகப் பதிவானது என்றால் நிலைமை வேறு. உறுதிசெய்த பதிவைத் திருத்தவோ நீக்கவோ பல வங்கிகள் அனுமதிப்பதில்லை. அந்தச் செக்குக்கு ஸ்டாப் பேமென்ட் கொடுப்பது ஒன்றுதான் வழி. செக்கின் மேல் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போடும் பழைய வழியும் அடைபட்டுவிட்டது. படக் கிளியரிங்கில், தேதியைப் புதுப்பிப்பதைத் தவிர வேறெந்தத் திருத்தத்தையும் ரிசர்வ் வங்கி ஏற்பதில்லை.

ஆக நம் ஃபவுண்டரி செய்ய வேண்டியது: வெளியே போயுள்ள, ஆனால் இன்னும் கிளியரிங்குக்கு வராத செக்குகளை அன்றே அடையாளம் காண வேண்டும். அந்தப் பார்ட்டிகளுக்குத் தாமே போன் செய்து, செக்கைப் போட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தவறாகப் பதிவான எண்களை நிறுத்தி, புதிய எண்களில் செக் அடித்து, அவற்றைச் சரியாகப் பதிய வேண்டும். கரிக்காரரைக் காத்திருக்க வைக்காமல் ஆர்டிஜிஎஸ்ஸில் அனுப்பிவிடுவது மரியாதை. இரண்டு லட்சமும் அதற்கு மேலும் என்றால் 2020 டிசம்பரிலிருந்து எந்த நேரமும் அனுப்பலாம். பழைய செக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறக்கக்கூடாது.

வழக்குப் பயம் எவ்வளவு நியாயம்? மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு, கணக்கில் பணம் போதாமலோ வங்கியோடு உள்ள ஏற்பாட்டை மீறியோ செக் திரும்புவதைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் கையெழுத்து முரண்பட்டுத் திரும்பிய செக்கும், ஸ்டாப் பேமென்ட்டால் திரும்பிய செக்கும் இந்தப் பிரிவுக்குள் வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் லக்ஷ்மி டைகெம் வழக்கில் சொல்லியிருக்கிறது. காரணத்தின் பெயரை வைத்துத் தப்பித்துவிட முடியாது என்பது அதன் சாரம். பணம் தராமல் இழுத்தடிக்க வேண்டுமென்றே கோப்பில் தவறான விவரம் கொடுப்பவருக்கு இது எச்சரிக்கை. நேர்மையாகத் தவறு செய்தவர் அஞ்ச வேண்டியதில்லை. பார்ட்டியிடமிருந்து சட்டப்படி நோட்டீஸ் வந்தால் பதினைந்து நாட்களுக்குள் பணத்தைக் கொடுத்துவிட்டால் வழக்குக்கே இடமில்லை. அந்த நாளுக்கான வங்கி இருப்புக் கணக்கை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

வங்கி ஏன் திருப்புவதற்கு முன் ஒரு போன் செய்யவில்லை என்ற கேள்வி நியாயமானது. சில வங்கிகள் செய்கின்றன. ஆனால் பதிவில் இருக்கும் எண் மூன்று வருடம் முன்பு வேலையை விட்டுப்போன அக்கவுண்டன்ட்டுடையதாக இருந்தால் அவர் என்ன சொல்வார்? நேரமும் குறைந்துவிட்டது. 2025 அக்டோபர் 4 முதல் செக்குகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து போவதில்லை. நாள் முழுக்க ஸ்கேன் ஆக ஆகப் போய்க்கொண்டே இருக்கின்றன. பணம் கொடுக்க வேண்டிய வங்கி அன்று மாலை ஏழு மணிக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் சரி என்று சொன்னதாகவே கொள்ளப்படும். சந்தேகமான செக்கை நாளை வரை வைத்துப் பார்க்கும் வசதி வங்கிக்கு இப்போது இல்லை.

இந்த இடத்தில் அமெரிக்க முறை எனக்குக் கொஞ்சம் மேலாகத் தோன்றுகிறது. அங்கே பொருந்தாத செக்குகளின் படங்களை வங்கி நிறுவனத்தின் திரையில் காட்டும். குறிப்பிட்ட நேரத்துக்குள் நிறுவனமே கொடு, திருப்பு என்று தீர்மானிக்கலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் முன்பே ஒப்புக்கொண்டபடி நடக்கும். நம் ஃபவுண்டரி அக்கவுண்டன்ட் திங்கட்கிழமை மதியம் அப்படி ஒரு திரையைப் பார்த்திருந்தால், அரை நிமிடத்தில் கரிக்காரருக்குப் பணம் போயிருக்கும். இங்கே பெரிய நிறுவனங்களாவது தங்கள் வங்கியோடு இப்படி ஓர் ஏற்பாட்டைக் கேட்டுப் பெற வேண்டும்.

அதுவரை அலுவலகத்துக்குள் மாற்ற வேண்டியது வேலையின் வரிசை ஒன்றுதான். இதுவரை சொன்ன தவறுகளில் பெரும்பாலானவை, கோப்பு முதலில், அச்சு பிறகு என்ற வரிசையால் வந்தவை. முதலில் அச்சடியுங்கள். வீணான தாள்களைத் தனியே எடுத்துப் பதிவு செய்யுங்கள். கையெழுத்தான செக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு, தாளில் அச்சாகியுள்ள எண்ணை மென்பொருளில் உள்ள எண்ணோடு ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபாருங்கள். முதல் செக்கும் கடைசிச் செக்கும் பொருந்தினால் நடுவில் தள்ளல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதற்குப் பிறகு கோப்பை எடுத்து, எக்செலில் திறக்காமல் அப்படியே ஏற்றுங்கள். பதில் கோப்பில் எல்லா வரிகளும் ஏற்கப்பட்டதைப் பார்த்த பிறகே செக்கைக் கவரில் போடுங்கள். இதில் அரை நாள் தாமதமாகலாம். பார்ட்டி ரிசப்ஷனில் உட்கார்ந்து செக்குக்குக் காத்திருக்கும்போது இதைக் கடைப்பிடிப்பது சிரமம்தான்.

இந்தத் தொல்லையே வேண்டாம், கட்டாயம் இல்லாத தொகைகளுக்குப் பதிவே செய்யாமல் விட்டுவிடலாமே என்று நினைக்கும் நிறுவனங்கள் உண்டு. அந்தப் பன்னிரண்டாவது செக் பாஸானதைப் பார்த்தால் அப்படித் தோன்றவும் செய்யும். ஆனால் 2020-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் ஒரு வரி இருக்கிறது: செக் கிளியரிங் அமைப்பின் தகராறு தீர்க்கும் முறையில், பாசிட்டிவ் பே விதிகளுக்கு உட்பட்ட செக்குகள் மட்டுமே ஏற்கப்படும். நாளைக்கு ஒரு போலி செக்கில் நான்கு லட்சம் போய்விட்டால், பதிவு செய்யாத நிறுவனத்துக்கு அந்தக் கதவு திறக்காது.

செக்கை வாங்கிக்கொள்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட செக்கை வாங்கும்போது, "பாசிட்டிவ் பே போட்டாச்சுங்களா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறில்லை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். திரும்பி வந்தால் மெமோவில் காரணம் என்ன என்று படித்துவிட்டுப் பிறகு போன் செய்யுங்கள். பணம் இல்லாதவரிடம் பேசும் பேச்சு வேறு, கோப்பைத் தவறாக அனுப்பியவரிடம் பேசும் பேச்சு வேறு.